ரிசெப்ஷன் படத்துக்குக் கீழே நாலு வரி: பார்த்துச் சொல்லுங்கள்

குமார், மெல்போர்ன் (இப்போது ஊரில்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ரிசெப்ஷன் நல்லபடியாக முடிந்தது. ஊருக்கு வர முடியாதவர்களுக்காக இன்று இரவு ஒரு படம் இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். நானும் அவளும் நடுவில், ஒரு பக்கம் அவள் வீட்டார், மறுபக்கம் அப்பா அம்மா. கீழே இதை எழுதி வைத்திருக்கிறேன்:

"இந்த அழகான நாளைச் சாத்தியமாக்கிய அனைவருக்கும் நன்றி. இளவரசியாக வளர்த்த மகளை என்னிடம் ஒப்படைத்த மாமனார் மாமியாருக்கு மனமார்ந்த நன்றிகள். என்னை இந்த நிலைக்கு உயர்த்திய என் பெற்றோருக்குக் கோடான கோடி நன்றிகள். உங்கள் ஆசியுடன் எங்கள் பயணம் தொடங்குகிறது."

எங்கோ இடிக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

மேலத்தெரு செல்வம், தோஹா

வாழ்த்துகள் தம்பி. "நன்றிகள்" என்று எழுதாதே, அது தப்பு. நன்றிக்குப் பன்மையே கிடையாது. அப்புறம் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இன்ஸ்டாவில் 2,200 எழுத்து வரைக்கும் இடம் இருக்கிறது. தாய்மாமன், சித்தப்பா, மொய் எழுதினவர் என்று ஒருவர் விடாமல் போட்டுவிடு. விட்டுப்போனால் பின்னால் பேச்சு வரும்.

பாண்டி, ஷார்ஜா

என்ன சைஸ் வேண்டும்? பத்துக்கு எட்டு என்றால் சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், காலையில் சொன்னால் சாயங்காலம் கட்டிவிடுவார். நாலு வரி தாராளமாகப் பிடிக்கும். மாப்பிள்ளை படம் மட்டும் பெரிய ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்.

குமார்

அண்ணே, ஃப்ளெக்ஸ் இல்லை. ஃபோனில் போடுகிற படத்துக்குக் கீழே எழுதுவது.

அச்சுக்கூட மாமா, சிங்கப்பூர்

இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை கோத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், குமாரு.

முதலில் செல்வம் சொன்னது. 2,200 என்பது சரி. ஆனால் படத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவன் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான், மீதி மடங்கிப்போகும். தமிழில் அந்த இடமும் சீக்கிரம் நிறைந்துவிடும். "நன்றி" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஃபோன் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி அதை ஐந்தாக்கும். "மச்சான்" நமக்கு நாலு, அதற்கு ஏழு. உன் முதல் வரியில் "இந்த அழகான நாளைச் சாத்தியமாக்கிய அனைவருக்கும்" என்று இருக்கிறது. தெரிகிற இடத்தை யாருக்கும் இல்லாத ஒரு வரிக்குக் கொடுத்துவிட்டாய். அதை எடுத்துவிடு. நாளை யாரப்பா சாத்தியமாக்குவார்கள்? நம் ஊரில் கல்யாணத்தை நடத்துவார்கள்.

"நன்றிகள்" கொலைக்குற்றம் இல்லை, மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் கோத்த பத்திரிகையில் "நன்றி" என்றுதான் இருக்கும். மனமார்ந்த, கோடான கோடி எல்லாம் இடத்தை அடைக்கிற சரக்கு.

"ஒப்படைத்த" வேண்டாம். பெட்டியைத்தான் ஒப்படைப்பார்கள்.

பெரிய விஷயம் இனிமேல்தான். அவள் அப்பா தவறி எத்தனை வருஷம் ஆகிறது? பத்திரிகையில் "தெய்வத்திரு" போட்டுத்தானே அடித்தீர்கள்? "மாமனார் மாமியாருக்கு" என்று ஜோடியாக எழுதியிருக்கிறாய். வாய்ப்பழக்கத்தில் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அந்த வீட்டில் படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? தாரை வார்த்தது யார் என்று எழுது, அப்புறம் சொல்கிறேன்.

குமார்

மூன்று வருஷம் ஆகிறது, மாமா. அந்த வரி அப்படியே கையில் வந்துவிட்டது. அவளுடைய பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பந்தல், சமையல் ஆள், சொந்தக்காரர்களுக்குத் தங்க இடம் எல்லாம் மச்சான்தான். ஒரு மாதம் முன்னாடியே லீவு போட்டு வந்துவிட்டான்.

இப்படி மாற்றினேன்: "மாமா இல்லாத குறை தெரியாமல் முன்னின்று நடத்திய பெரிய மாமாவுக்கும் மச்சானுக்கும் அத்தைக்கும் நன்றி."

வடக்குத்தெரு லட்சுமி அத்தை, நியூ ஜெர்சி

அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தாயே குமாரு, பெரிதாக்கிப் பார்த்தேன். உன் அத்தை ஓரத்தில் நிற்கிறாள். கையில் மஞ்சப்பை. ஒரு தோள் தூணுக்குப் பின்னால். முன்னால் வர மாட்டேன் என்று சொல்லியிருப்பாள், நீங்கள்தான் இழுத்து நிறுத்தியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். என் மகள் கல்யாணத்தில் நான் மேடை ஏறவே இல்லை. ஆரத்தித் தட்டைக்கூட வேறு ஆள் எடுத்தார்கள். போட்டோவில் நான் இல்லாத கல்யாணம் அது. சரி, அதை விடு.

"குறை தெரியாமல்" என்று எழுதாதே. குறை தெரியவில்லை என்று வந்தவர்கள் சொல்லலாம். அவளிடம் நீ சொல்லலாமா? அன்றைக்கு முழுக்க அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்திருக்கும். அவளை மூன்றாவது ஆளாகவும் தள்ளாதே.

அச்சுக்கூட மாமா

லட்சுமி சொன்னது சரி. அந்த வரியை நானே எத்தனையோ வரவேற்பு மடலில் கோத்திருக்கிறேன், ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை.

"மாமா இருந்து செய்ய வேண்டியதை" என்று தொடங்கிப் பார். அவர் பெயர் முதலில் வந்துவிடும், இரங்கல் மாதிரியும் இருக்காது. அத்தையை மற்றவர்களோடு "உம்" போட்டுக் கோக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல். "மாமியார்" என்பது மூன்றாம் மனிதரிடம் சொல்லும்போது வருகிற பெயர். நேரில் நீ அத்தை என்றுதானே கூப்பிடுகிறாய்?

அடுத்து உன் அப்பா அம்மா. பெற்றவர்களுக்கு நன்றி சொன்னால் நம் ஊரில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், "என்னடா வெளியாள் மாதிரி" என்று. அன்றைக்கு அவர்கள் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல், போதும்.

செல்வம்

அப்படியானால் பையன் வீட்டாருக்கு நன்றியே இல்லையா? படிக்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் என் ரிசெப்ஷன் வீடியோவில் அப்பா பெயர் இரண்டாவதாக வந்ததற்கே ஒரு வாரம் பேச்சு இல்லை.

குமார்

அப்பா கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். அதற்குள் அப்பளம் தீர்ந்துவிட்டது. அம்மா மண்டபத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அதையே பதினோரு மணி வரைக்கும் தேடினார். இப்படி எழுதினால் விளையாட்டாகப் போய்விடுமா? "தேடினாள்" என்பதா, "தேடினார்" என்பதா?

அச்சுக்கூட மாமா

வீட்டில் "தேடினாள்", நாலு பேர் படிக்கிற இடத்தில் "தேடினார்". லட்சுமி கோபித்துக்கொள்ளலாம், எனக்கு இரண்டும் பழக்கம்தான். ஆனால் அப்பாவுக்கு ஆர், அம்மாவுக்கு ஆள் என்று ஒரே பத்தியில் கலக்காதே.

அப்பளத்தை விட்டுவிடு. சமையல்காரர் வருத்தப்படுவார். ஏற்பாடு பண்ணின மச்சானும் வருத்தப்படுவான்.

குமார்

இதைப் போட்டுவிட்டேன்:

"மாமா இருந்து செய்ய வேண்டியதையெல்லாம் பெரிய மாமாவும் பெரிய அத்தையும் மச்சானும் செய்தார்கள். அத்தை, உங்களுக்கு நன்றி.
அப்பா கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். இடுப்பில் இருந்த மண்டபத்துச் சாவியை அம்மா இரவு வரை தேடினார். நன்றி என்றால் இரண்டு பேரும் திட்டுவார்கள்."

மச்சான் முதல் ஆளாக ஹார்ட் போட்டான். அத்தை ஃபோனில் இன்ஸ்டா இல்லை. அவள்தான் அடுப்படியில் வைத்துப் படித்துக் காட்டினாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்களாம். அம்மா மட்டும் சாவி விஷயத்தை எடுக்கச் சொல்கிறார். இன்னும் எடுக்கவில்லை.

செல்வம்

தாய்மாமனை விட்டுவிட்டாயே தம்பி.

பாண்டி, ஷார்ஜா

இதே வரியை ஃப்ளெக்ஸிலும் போடலாம், மறுவீட்டுக்கு. சொல்லுங்கள்.