தொகுதி அளவு விதிகள் மூன்றுக்குத் தமிழ்ப்பெயர் தேவை

மங்கை:
குழுவினருக்கு வணக்கம். உற்பத்தித் திட்டமிடல் பற்றிய பாலிடெக்னிக் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு தடவையில் எத்தனை செய்வது என்று முடிவுசெய்யும் லாட் ஃபார் லாட், ஃபிக்ஸட் பீரியட், லீஸ்ட் யூனிட் காஸ்ட் என்னும் மூன்று விதிகளுக்கும் பெயர் வேண்டும். குறிப்பில் உள்ள கணக்கு இது: ஒரு பம்ப் உதிரிப்பாகத்துக்கு ஆறு வாரத் தேவை முறையே 30, 40, 20, 60, 10, 40. எந்திரத்தை அந்தப் பாகத்துக்காக அமைக்க ஒவ்வொரு முறையும் ரூ.600 ஆகும். ஒன்றை ஒரு வாரம் இருப்பில் வைக்க ரூ.5 ஆகும், செய்த வாரத்திலேயே செலவாவதற்கு இருப்புச் செலவு இல்லை.

மூர்த்தி:
லாட் என்பதற்கு 'ஈடு' இருக்கிறதே, அம்மா. இட்லிக் கொப்பரையில் ஒரு தடவை வேகவைப்பதை ஓர் ஈடு என்றுதான் வீடுகளில் சொல்கிறோம். ஈடு என்றால் ஒப்பு என்றும் பொருள் உண்டு. ஆகவே தேவை எவ்வளவோ அவ்வளவே செய்யும் முதல் விதியைத் 'தேவைக்கீடு' என்றால் இரு பொருளும் ஒருசேர வந்துவிடும். திருவாய்மொழி உரைக்கும் ஈடு என்றே பெயர், அது வேறு கதை.

அன்வர்:
ஐயா, ஈடு என்றதும் மாணவனுக்கு நினைவு வருவது அடமானமும் இழப்பீடும்தான். நான் கோவைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் 'லாட்' என்பார்கள், எழுதும்போது 'தொகுதி' போதும். ஃபிக்ஸட் முறையில்தான் நாங்களும் ஓட்டுகிறோம். கேட்பது 60 ஆனாலும் 90 ஆனாலும் 100 போட்டுவிடுவோம். அதற்கு 'நிலைத்தொகுதி' சரியாக இருக்கும்.

கலாவதி:
அன்வர் சொல்வது அளவு மாறாத முறை. மங்கை கேட்பது காலம் மாறாத முறை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் தொகுதிகள் 70, 80, 50 என வரும்; இடைவெளி மாறாது, அளவு மாறிக்கொண்டே இருக்கும். 'நிலைத்தொகுதி' என்றால் இந்தக் குழப்பம் தேர்வுத்தாள் வரை போகும். 'நிலைக்கால விதி' என்று காலத்தைப் பெயரிலேயே வையுங்கள்.

சிவகுமார்:
மூன்றாவதற்குச் 'சிக்கன விதி' எளிமையாக இருக்கும். மங்கையின் கணக்கில் முதல் விதிப்படி ஆறு முறை அமைக்க ரூ.3,600 ஆகிறது. இரண்டு வார முறையில் மூன்று அமைப்புக்கு ரூ.1,800, இருப்புக்கு ரூ.700, ஆக ரூ.2,500. மூன்றாவது விதியில் ரூ.2,250தான். மொத்தச் செலவை மிகக் குறைப்பது அதுதான்.

கலாவதி:
தொகைகள் சரி, முடிவு சரியில்லை. அந்த விதி மொத்தச் செலவைப் பார்ப்பதே இல்லை. கையில் உள்ள தொகுதியில் ஒன்றுக்கு என்ன விழுகிறது என்பதை மட்டும் பார்த்து, அது ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறது. முதல் வாரத்துக்கு மட்டும் செய்தால் ஒன்றுக்கு ரூ.20, இரண்டு வாரத்துக்கு ரூ.11.43, மூன்று வாரத்துக்கு ரூ.11.11, நான்காவதையும் சேர்த்தால் ரூ.12.67. ஆகவே 90 செய்து நிறுத்துகிறோம். நான்காம் வாரத்திலிருந்து மறுபடி பார்த்தால் ரூ.10, பிறகு ரூ.9.29, ஆறாம் வாரத்தையும் சேர்த்தால் ரூ.9.55. விதி 70 உடன் நின்றுவிட, ஆறாம் வாரத்தின் 40க்குத் தனியாக ரூ.600 கட்ட வேண்டியிருக்கிறது. அந்த 40ஐயும் நான்காம் வாரத்திலேயே செய்திருந்தால் கூடுதல் இருப்புச் செலவு ரூ.400தான், மொத்தம் ரூ.2,050 ஆகியிருக்கும். மொத்தச் செலவை மிகக் குறைக்க வாக்னரும் விட்டினும் 1958இல் வெளியிட்ட முறை இந்த விடையைத்தான் தரும். ஏழாம் வாரத் தேவை தெரியவந்தால் கடைசித் தொகுதி அதையும் சேர்த்துக்கொண்டு நிலைமை மாறலாம். எனினும் 'சிக்கனம்' என்ற பெயர் விதிக்கு இல்லாத வாக்குறுதியைக் கொடுக்கிறது. 'குறைந்த அலகுச்செலவு விதி' நீளமானாலும் பொய் சொல்லாது.

அன்வர்:
அப்படியானால் முதல் விதி வீண்தானே? ரூ.3,600 யார் கொடுப்பார்கள்?

கலாவதி:
அமைப்புச் செலவு ரூ.150 ஆகக் குறைந்தால் அதே விதிக்கு மொத்தம் ரூ.900, இரண்டு வார முறைக்கு ரூ.1,150. எந்திர அமைப்பை விரைவாக மாற்றத் தெரிந்த பட்டறைக்கு அது நல்ல விதி. உங்கள் பட்டறையில் ஒரு மாற்றத்துக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறீர்களா?

அன்வர்:
ஆள் கூலி தெரியும். எந்திரம் சும்மா நிற்கும் நேரத்துக்கு விலை போட்டதில்லை.

மங்கை:
நேரம் இல்லாததால் 'தேவையளவு விதி', 'நிலைக்கால விதி', 'குறைந்த அலகுச்செலவு விதி' என்று அனுப்புகிறேன். லாட் என்பது 'தொகுதி'. கலாவதி காட்டிய ரூ.2,050ஐ அடுத்த பயிற்சி வினாவாகச் சேர்த்திருக்கிறேன்.

மூர்த்தி:
'தேவையளவு' என்றால் வாராவாரம் தனித்தனியாகச் செய்வது அதில் எங்கே இருக்கிறது? ஆறு வாரத் தேவை 200ஐயும் ஒரே தடவையில் செய்தாலும் அது தேவையளவுதானே! மறுபதிப்புக்குத் 'தேவைக்கீடு' என்ற என் பரிந்துரை நிலுவையில் இருக்கட்டும்.