புதுப்பிப்பு: கஞ்சிக்கோடு ஆலையின் மொழிபெயர்ப்பு வேலைக்கு விலை சொல்லிவிட்டேன்

முன்பு கேட்டது: “இயந்திரப் பராமரிப்புக் கையேடு, தமிழில் வேண்டுமாம். வேர்டு 9,200 சொல் காட்டுது, அதை வச்சே விலை சொல்லிடலாமா?”

நல்லவேளை, சொல்லவில்லை. இங்கே பதில் போட்ட பாலக்காட்டு அக்கா சொன்னபடி பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 14 வரைபடங்கள், எல்லாம் படமாக ஒட்டியவை, அதிலுள்ள எழுத்து அந்தக் கணக்கில் சேரவே இல்லை. கையால் எண்ணினால் 430 சொல். “அதையும் சேர்த்துடுங்க, முடிஞ்சது” என்றார் ஒரு தம்பி. எண்ணிக்கை சரிதான், ஆனால் ஒரு வால்வு படத்தைச் செய்து பார்த்தேன்: ‘டிரெயின் பிளக்’ இருந்த இடத்தில் ‘வடிகால் அடைப்பான்’ நுழையவில்லை, எண் போட்டுக் கீழே விளக்கம் வைக்க 40 நிமிடம் போய்விட்டது. அதனால் வரைபடத்துக்குத் தனி விலை.

அட்டவணைகளில் ‘தேய்மானம் பார்க்கவும்’ 60 தடவை வருகிறது. அவற்றுக்குப் பாதி விலை போட்டேன்; ஒவ்வொரு இடத்திலும் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டுமே.

திருத்தம்தான் பயம். முதலில் 80 சொற்களின் பட்டியல் அனுப்பி, ஷிப்டு மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் வாங்குவேன், அப்புறம் அவர்களே சொல்லை மாற்றினால் மணிக்கணக்கில் கட்டணம்.

முன்பணம் எவ்வளவு கேட்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வரைபடங்களின் மூலக் கோப்பு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அந்த விலையைக் குறைப்பேன்.