விறகு இருப்பைக் குறைத்த பிறகு டிரையர் சூடு ஏறவில்லை, எங்கே கோளாறு?

விறகுக்கொட்டில் (ஹட்டன்):
எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் முன்பு 3 மாத விறகு கொட்டிலில் கிடக்கும். பணம் முடங்குகிறது என்று ஜனவரியிலிருந்து வாங்குவதைக் குறைத்து, ஏப்ரலில் 3 நாள் இருப்புக்கு வந்துவிட்டோம். 12 டன்தான். அவிசாவளைப் பக்கமிருந்து றப்பர் விறகு ஒன்றுவிட்டொரு நாள் லொறியில் வருகிறது. மார்ச் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது டிரையருக்குள் போகும் காற்று 95 பாகையில் நிற்பதில்லை, 80க்கு இறங்குகிறது. அடுப்பு, காற்றாடி, குழாய் எல்லாம் பார்த்தாச்சு. ஒரு நாளைக்கு 2000 கிலோ தேயிலைக்கு முன்பு 4 டன் விறகு போதும், இப்போது 6 டன் போகிறது.

கணக்குப்பிள்ளை:
3 நாள் இருப்பே அதிகம். டொயோட்டா அன்றன்றைக்கு வேண்டியதைத்தானே எடுக்கிறது? ஒரே ஆளிடம் வாங்குவதுதான் தவறு. இன்னொரு விறகுக்காரரையும் பிடியுங்கள்.

நானுஓயா பேக்கரி:
2022இல் காஸ் கிடைக்காமல் கடையை மூடியே வைத்திருந்தேன். அதிலிருந்து மாவு, சீனி எல்லாம் மாதக்கணக்கில் வாங்கி வைக்கிறேன். எதையும் விடாதீர்கள், சேர்த்து வையுங்கள்.

பழைய டீமேக்கர்:
தம்பி, அடுப்பில் கோளாறு இல்லை. மார்ச் வரை நீங்கள் எரித்தது பழைய இருப்பு. அது கொட்டிலில் சும்மா கிடக்கவில்லை, காய்ந்துகொண்டிருந்தது. இப்போது வெட்டின ஈரத்தோடு அடுப்புக்குள் போகிறது. நீங்கள் நிறுக்கும் டன்னில் பாதிக்குக் கிட்டத் தண்ணீராக இருக்கலாம், அதை ஆவியாக்கவும் கொஞ்சம் சூடு செலவாகும். ஒரு கட்டையை நிறுத்து, டிரையர் பக்கத்தில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுங்கள். 10 கிலோ 5.5 ஆனால் 45 சதவீதம் தண்ணீர். எரியும்போது நுனியில் நுரை தள்ளும், புகை வெள்ளையாகப் போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் கணக்கில் இருக்கிறது. 12 டன்னை 4 டன்னால் வகுத்துத்தான் 3 நாள் என்றீர்கள். 6 டன் எரிந்தால் அது 2 நாள். மழை வந்தால் செலவு கூடும், அதே மழையில்தான் கினிகத்தேனைப் பாதையில் மண் சரியும். லொறி 3 நாள் வராவிட்டால் கொழுந்து காத்திருக்குமா? சூடு குறைந்தால் டிரையரை மெதுவாக ஓட்டுவீர்கள், அரைத்த தூள் மேசையில் அதிகம் புளித்துவிடும்.

கணக்குப்பிள்ளை, 1997இல் டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு செய்துகொடுத்த ஐசின் தொழிற்சாலை எரிந்தது. கையில் சில மணி நேர வால்வுதான் இருந்தது, ஜப்பானில் அவர்களுடைய தொழிற்சாலைகள் அநேகமாக எல்லாமே நின்றன. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிப்புகளை மாதக்கணக்கில் வைக்கச் சொன்னார்கள். இரண்டாவது விறகுக்காரர் நல்லதுதான், ஆனால் அவருடைய லொறியும் அதே பாதையில்தானே ஏறும்?

பேக்கரி ஐயா, மாவில் வண்டு வரும். விறகு வைக்க வைக்க நன்றாகும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

விறகுக்கொட்டில்:
நிறுத்துப் பார்த்தேன் ஐயா, 9 கிலோ கட்டை 5க்கு வந்து நின்றது. 3 மாதமும் வைக்கத் துரை சம்மதிக்க மாட்டார். 6 வாரம் போதுமா?

பழைய டீமேக்கர்:
பிளந்து, கூரைக்குக் கீழே இடைவெளி விட்டு அடுக்கினால் போதலாம். உருண்டைக் கட்டையாகப் போட்டால் போதாது. இந்த மழையில் எப்படிக் காய்கிறது என்பதை வாராவாரம் நிறுத்துத்தான் பார்க்கவேண்டும். புது லோடு தனி வரிசை, பழையது முதலில் அடுப்புக்கு.

கணக்குப்பிள்ளை:
6 வார விறகுக்கு முடங்கும் பணத்தின் வட்டி எவ்வளவு?

விறகுக்கொட்டில்:
ஒரு நாளைக்கு 2 டன் கூடுதலாக எரிகிறதே அண்ணன், அதையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். இரண்டையும் போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.