ஆக்‌ஷன் ஐட்டத்துக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

காஞ்சிபுரம் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வார விவசாயிகள் பதினொரு பேர் குழு அமைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை கூடுகிறார்கள். பணம் கொடுப்பவர்கள் ஆங்கிலத்தில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். மேலே மினிட்ஸ், கீழே ஆக்‌ஷன் ஐட்டம் டிராக்கர். டிராக்கரில் நான்கு கட்டம்: ஐட்டம், ஓனர், டியூ டேட், ஸ்டேட்டஸ். அதைத் தமிழாக்கும் வேலை என் தலையில். ஆகஸ்ட் 22 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும், மறுநாள் கூட்டம்.

நான் முதலில் போட்டவை: கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, செயலுருப்படி, உரிமையாளர், கெடு, நிலை. குழுச் செயலாளரிடம் காட்டினேன். "மதகு பழுதுபார்த்தல், உரிமையாளர்" என்ற வரியைப் படித்துவிட்டு, "மதகுக்கு நாங்க எப்படிம்மா உரிமையாளர்? அது நீர்வளத் துறையோடது" என்றார். செயலுருப்படி என்றதும் சலவைக்குப் போட்ட துணியா என்று கேட்டார். நல்ல சொல் தாருங்கள்.

ச.மு.

---

அன்புள்ள ச.மு. அவர்களுக்கு,

உருப்படி வேண்டவே வேண்டாம். செய்பணி என்று வையுங்கள். வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல, கேட்கும் காதுக்கு இதம். ஓனருக்குப் பொறுப்பாளர். 'பொறு' என்றால் தாங்குதல், சுமத்தல். சுமப்பவர் பொறுப்பாளர். உடைமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உங்கள் படிவம் முழுவதையும் வள்ளுவர் ஒன்றே முக்கால் அடியில் முடித்துவிட்டார்: "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்" (517). இதனை என்பது ஐட்டம், இவன் என்பது ஓனர். 'இதனால்' என்று வழியையும் கேட்கிறார். அந்தக் கட்டம் உங்கள் படிவத்தில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்.

கெடு என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். கெடுதல், கேடு எல்லாம் நினைவுக்கு வரும். அது தெலுங்கு 'கடுவு' வழி வந்த சொல் என்பது என் துணிபு. கன்னடத்திலும் 'கடுவு' உண்டு. 'இறுதிநாள்' என்க.

புலவர் அ.தி., திருநெல்வேலி

---

ஐயா, இறுதிநாள் என்று போட்டால் கிராமத்தில் வேறு பொருள் கொள்வார்கள். கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும். கெடு எந்த மொழியிலிருந்து வந்தாலும் "ஆடி கடைசி வரைக்கும் கெடு கொடுத்திருக்கேன்" என்று கடன் கொடுத்தவர் சொல்வது எல்லாருக்கும் புரிகிறது. வாய்தா அரபியிலிருந்து வந்தது, அதை யாராவது துரத்தினோமா?

நான் வருவாய்த் துறையில் முப்பது வருடம் இருந்தவன். நீங்கள் தேடும் டிராக்கர் எங்களிடம் எப்போதோ இருக்கிறது, தன்பதிவேடு. ஒவ்வொரு உதவியாளரும் தன்னிடம் வந்த தாள், வந்த நாள், என்ன செய்தோம், என்ன நிலுவை என்று எழுதுவார். மேலதிகாரி அவ்வப்போது வாங்கிப் பார்ப்பார். புதுச்சொல் எதற்கு? இருப்பதை எடுங்கள்.

மினிட்ஸுக்குக் 'கூட்ட நடவடிக்கைகள்' என்பதே அலுவலக வழக்கு. அதைத் தொடாதீர்கள்.

கோ.வெ., விழுப்புரம்

---

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில் மென்பொருள் திட்டங்களை நடத்துகிறவள். பத்து வருடமாகக் கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலையும் என்னிடம்தான்.

கோ.வெ. ஐயா சொன்ன தன்பதிவேடு நல்ல சொல். ஆனால் அது ஆளுக்கு ஒன்று. நமக்கு வேண்டியது குழுவுக்கு ஒன்று, பதினொரு பேரும் ஒரே தாளைப் பார்க்க வேண்டும். அவர் சொன்ன 'நிலுவை'யை மட்டும் எடுத்துக்கொண்டு நிலுவைப் பட்டியல் என்றால் டிராக்கருக்குப் பொருந்தும்.

புலவர் ஐயாவின் செய்பணியில் எனக்கு ஒரு சிக்கல். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொது. செய்த பணி, செய்கிற பணி, செய்யும் பணி மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இந்தப் பட்டியலை வைத்திருப்பதே அந்த மூன்றையும் பிரித்துக் காட்டத்தான்!

அதைவிட முக்கியமான ஒன்று. ச.மு., முந்தைய கூட்டத்தின் குறிப்பை எனக்குத் தனியாக அனுப்பினீர்களே, அதில் ஒரு வரி இது:

> மதகு ஷட்டர் பழுது குறித்து விவாதிக்கப்பட்டது. விரைவில் சரிசெய்ய ஆவன செய்வது என முடிவு செய்யப்பட்டது. வண்டல் எடுக்க அனுமதி பெறப்படும். பொறுப்பு: குழு.

மூன்று வாக்கியத்திலும் செய்பவர் இல்லை. யார் விவாதித்தார்கள் என்பது போகட்டும், யார் செய்யப்போகிறார்கள் என்பது இல்லை. 'விரைவில்' தேதி இல்லை, 'குழு' ஆள் இல்லை. இரண்டு வாரம் கழித்து அத்தனை பேரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருப்பார்கள். தலைப்புக்கு எவ்வளவு நல்ல சொல் போட்டாலும் கீழே இப்படி எழுதினால் பயனில்லை.

இதை நான் இரண்டாகப் பிரிப்பேன். "வண்டல் எடுக்கும் முன் மதகைச் சரிசெய்வது" என்பது தீர்மானம். அதற்கு ஆளோ நாளோ வேண்டாம், அது மேலே குறிப்பில் இருக்கட்டும். அதிலிருந்து பிறக்கும் வேலைகள்தான் கீழே வர வேண்டும்:

> இரண்டு பட்டறைகளில் ஷட்டருக்கு விலைப்புள்ளி வாங்கி வருவது. செயலாளர். ஆகஸ்ட் 20.
> வட்டாட்சியர் அலுவலகத்தில் வண்டல் விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்குவது. பொருளாளர். ஆகஸ்ட் 18.

'அனுமதி பெறுவது' என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். அனுமதி கொடுப்பது பொருளாளர் கையில் இல்லை. விண்ணப்பம் கொடுப்பது அவர் கையில் இருக்கிறது. ரசீதைக் காட்டினால் முடிந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளலாம். அனுமதி வந்ததா என்று போய்க் கேட்பது அடுத்த வரி, அதற்கு வேறு நாள்.

இரா.பா.

---

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் அடுக்ககத்தில் லிப்ட் நின்று மூன்று மாதம். மினிட்ஸில் மூன்று முறை "லிப்ட், கமிட்டி, அடுத்த கூட்டத்துக்குள்" என்று இருக்கிறது. கோரம் இல்லாமல் இரண்டு கூட்டம் தள்ளிப்போனது. அடுத்த கூட்டமே நடக்காதபோது கெடுவும் கூடவே தள்ளிப்போய்விட்டது, யாரையும் கேட்க முடியவில்லை. நான்காவது மாடியில் இருப்பவன் நான். லிப்டுக்கு நல்ல தமிழ்ச்சொல் மின்தூக்கியா மின்னுயர்த்தியா? அதையும் இந்த இழையிலேயே முடித்துவிடலாமே.

ஜெ.

---

ஜெ., மின்தூக்கிக்குத் தனி இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இரா.பா. அம்மையாரின் வினைத்தொகைத் தடையை ஏற்க இயலாது. காலத்தைக் காட்டத்தான் 'நிலை' என்ற கட்டம் இருக்கிறதே! பெயர் பொதுவாக இருப்பதுதான் முறை. முடிந்த பின்னும் அது செய்பணிதான். 'செய்யவேண்டியது' என்று பெயர் வைத்தால், முடிந்ததும் தலைப்பை மாற்றுவீர்களா?

கட்டங்கள் பற்றி ஒன்று. காஞ்சிபுரத்துக்காரர்கள் உத்திரமேரூரை மறக்கலாமா? பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றே சொல்கின்றன. ஆறு பேர். 360 நாள் பதவி. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடவோலையில் இடக்கூடாது என்று விதி. பொறுப்பும் நாளும் கேள்விமுறையும் ஒரே கல்லில்! ஆகவே குழுவைக் குழு என்னாமல் ஏரி வாரியம் என்றே படிவத்தில் போட வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

அ.தி.

---

வாரியம் என்றால் இன்று மின்வாரியமும் வீட்டுவசதி வாரியமும்தான் ஐயா நினைவுக்கு வரும். விவசாயிகள் வேலைவாய்ப்பு கேட்டு வருவார்கள்.

கோ.வெ.

---

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சங்கங்களில் மினிட்ஸைக் கூட்டறிக்கை என்றுதான் சொல்லுவோம். கூட்டம் தொடங்கினதும் சென்ற கூட்டறிக்கையைச் செயலாளர் வாசிப்பார், ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவார். 'கூட்ட நடவடிக்கை' என்றால் யாரோ மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்த மாதிரி எங்கட காதுக்குப் படும். நாங்களும் ஒரு குளத்துக்கு இதே படிவத்தைப் பாவிக்க விரும்புகிறோம். தேதி என்று போடாமல் திகதி என்று போட்டுத் தருவீர்களா?

இன்னொரு சந்தேகம். நாள் தவறினால் என்ன செய்வது? பழைய திகதியை அழித்துப் புதியது எழுதலாமோ?

சி.

---

சி., அழிக்கவே கூடாது. எங்கள் கோப்புகளிலும் அடித்து எழுதினால் அடித்தது தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.

கோ.வெ.

---

கோ.வெ. ஐயா சொல்வது சரி, ஆனால் அடித்தலே போதாது. மூன்றாவது முறை அடித்ததும் எது முதல் நாள் என்று படிக்க முடியாமல் போகும். நான் இரண்டு கட்டம் வைப்பேன்: முதலில் சொன்ன நாள், இப்போது சொல்லும் நாள். முதல் கட்டத்தை ஒருபோதும் தொடுவதில்லை. இரண்டும் விலகிக்கொண்டே போனால் வேலை பெரியது அல்லது ஆள் தவறு என்று தாளே சொல்லிவிடும். ஷட்டர் விலைப்புள்ளி 20இலிருந்து செப்டம்பர் 3க்குப் போனால் பரவாயில்லை. அங்கிருந்து 17க்குப் போனால் கூட்டத்தில் அதைப் பேசியாக வேண்டும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ஏரிக்குள் இறங்க முடியாது.

நிலை என்ற கட்டத்திலும் 'பாதி முடிந்தது', 'நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுத விடாதீர்கள். தொடங்கவில்லை, தொடங்கியது, தடை, முடிந்தது. நான்கே சொல். தடை என்றால் யாரால் என்று எழுத வேண்டும்.

புலவர் ஐயா, 'இதனால்' கட்டத்தை நான் சேர்க்க மாட்டேன், மன்னியுங்கள். வழியை அந்த ஆளிடம் விட்டுவிடலாம். குறளில் நாள் இல்லையே என்று நானும் தேடினேன். 671 கிடைத்தது: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது." கலந்து பேசுவது துணிவில் முடிய வேண்டும், அந்தத் துணிவு தாமதத்தில் தங்கக் கூடாது. மினிட்ஸுக்கும் டிராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி அதுதான்.

இரா.பா.

---

671ஐ நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். துணிவு என்றால் முடிவு. அப்படியானால் தீர்மானம் என்ற சொல்லுக்கும் ஒரு மாற்று பிறக்கிறது. துணிவு, துணிபணி...

அ.தி.

---

ஐயா, இன்று வியாழன்.

இரா.பா.

---

அனைவருக்கும் நன்றி. நேற்று படிவத்தை இரண்டு விதமாக அச்சிட்டுச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் கொடுத்தேன். ஒன்றில் செய்பணி, பொறுப்பாளர், கெடு. மற்றதில் வேலை, யார் செய்வது, எந்த நாளுக்குள். இரண்டாவதைப் பொருளாளர் யாரும் சொல்லாமலே நிரப்பினார். முதலாவதில் செய்பணியைப் படித்துவிட்டு, கூலி வேலையா, அதற்கு எவ்வளவு என்று கேட்டார்.

ஆகவே இப்போதைக்கு மேலே 'கூட்டக் குறிப்பு', அதில் 'தீர்மானம்' தனியாக. கீழே 'நிலுவைப் பட்டியல்': வேலை, யார், முதலில் சொன்ன நாள், இப்போது சொல்லும் நாள், நிலை. 'யார்' கட்டத்தை ஒரு பெயருக்கு மேல் எழுத முடியாத அளவுக்குக் குறுக்கிவிட்டேன். 'குழு' என்று எழுதவும் இடம் இருக்கிறது என்பதுதான் தொல்லை.

சி., உங்களுக்குக் கூட்டறிக்கை, திகதி என்று தனிப் பிரதி அனுப்புகிறேன்.

ச.மு.

---

வேலை என்பது சொல்லாக்கம் அன்று, சரணாகதி. என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்க. செய்பணிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அ.தி.

---

மின்தூக்கிக்கு நானும் தொடங்கிவிட்டேன்.

ஜெ.