டிஸ்கவுன்டிங்: தள்ளுபடியா, காலக்கழிவா?

தல்லாகுளம், மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களே, சுகாதாரப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு திட்டத்தால் கூடும் ஒவ்வோர் ஆண்டு ஆயுளுக்கும் என்ன செலவு என்று கணக்கிடும் அத்தியாயத்தில் நிற்கிறேன். கூடும் ஆண்டை 'ஆயுளாண்டு' என்று எழுதிவிட்டேன். 'காப்பாற்றிய உயிர்' என்று எழுத மனம் வரவில்லை. யாரையும் ஒரேயடியாகக் காப்பாற்ற முடியாதே.

சிக்கல் டிஸ்கவுன்டிங்கில். பிற்காலத்தில் கிடைக்கும் ஆயுளை இன்றைய கணக்கில் குறைத்து எடுத்துக்கொள்வது அது. வணிகவியல் நூல்கள் 'தள்ளுபடி' என்கின்றன. நம் ஊரில் தள்ளுபடி என்றால் ஆடி மாத ஜவுளிக்கடைப் பலகை, இல்லாவிட்டால் கடன் தள்ளுபடி, அதுவும் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. வேறு சொல் உண்டா?

உசிலம்பட்டி, ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்

தள்ளுபடியே போதும், தம்பி. மூன்று மாதத் தவணை மாற்றுச்சீட்டை இன்றே வங்கியில் கொடுத்தால் குறைத்துத்தான் தருவார்கள். இதுவும் அதுதான். விலைவாசி ஏறுவதால் பிற்காலப் பணத்துக்கு மதிப்புக் குறைவு.

மேலூர், கிராம சுகாதார செவிலியர்

என் அம்மாவுக்கு 71 வயது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய ஆயுளையும் தள்ளுபடி செய்வீர்களா? இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டு வாசலில் நிற்பது?

மதுரை, சுகாதாரப் பொருளியல் ஆய்வாளர்

ஐயா, மாற்றுச்சீட்டு உவமை சரி, விலைவாசி சரியில்லை. விலையேற்றத்தை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் கணக்கே தொடங்கும். விலைவாசி அசையாத நாட்டிலும் இந்தக் குறைப்பு உண்டு. இடையில் ஆள் இறந்துவிடலாம் என்பதும் காரணமல்ல. அது ஆயுள் எதிர்பார்ப்பிலேயே அடங்கிவிட்டது. மறுபடி கழித்தால் இரட்டைக் கழிப்பு.

அக்கா, உங்கள் அம்மாவின் வயதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆண்டு எப்போது வந்து சேருகிறது என்பதைத்தான் பார்க்கிறது. அடிபடுவது நீங்கள் ஊசி போடும் 12 வயதுச் சிறுமியின் ஆண்டுகள்தான். கற்பனை எண்களில் போட்டுக் காட்டுகிறேன்.

ஐந்து லட்சம் ரூபாயில் 1,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறோம். 40 ஆண்டு கழித்து நிகழ இருந்த ஐந்து மரணங்கள் தவிர்கின்றன. ஒவ்வொருவருக்கும் 20 ஆண்டு கூடுகிறது. மொத்தம் 100 ஆயுளாண்டு, ஆண்டுக்கு 5,000 ரூபாய். அதே தொகையை இரத்த அழுத்த மாத்திரைக்குச் செலவிட்டால் நான்கு பேருக்கு, ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்கி, பத்துப் பத்து ஆண்டு கூடுகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,500. தடுப்பூசியே மலிவு.

இப்போது ஆண்டுக்கு 3 சதவீதம் குறையுங்கள். தடுப்பூசியின் 100 ஆண்டு ஏறக்குறைய 23 ஆகச் சுருங்கி, ஓர் ஆண்டின் விலை 22,000 ஆகிறது. மாத்திரையின் 40 ஆண்டு 29 ஆகிறது, விலை 17,000. வரிசையே புரண்டுவிட்டது. நோயும் மருந்தும் மாறவில்லை.

தல்லாகுளம்

அப்படியானால் பணத்தை மட்டும் குறைத்து, ஆயுளை அப்படியே விட்டால் என்ன?

மதுரை

1983இல் கீலர், கிரெட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைத்தான் சோதித்தார்கள். தடுப்பூசியைப் பத்து ஆண்டு தள்ளிப்போடுங்கள். ஐந்து லட்சம் இன்றைய மதிப்பில் 3.72 லட்சம் ஆகிவிடும்; ஆயுள் மட்டும் அதே 100. ஓர் ஆண்டு 3,720க்குக் கிடைக்கும். இன்னும் பத்து ஆண்டு தள்ளினால் இன்னும் மலிவு. திட்டம் என்றைக்குமே தொடங்காது.

மேலூர்

பத்து ஆண்டு தள்ளினால் அந்த 1,000 பேர் வேறு சிறுமிகள் அல்லவா? இன்று என் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது 22 வயது.

மதுரை

அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை, அக்கா. சுகாதார அதிகாரியின் கையில் இருப்பது இந்த ஆண்டின் ஒதுக்கீடு. அவர் எதையும் முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போவதில்லை. நாடு வளர வளர ஓர் ஆயுளாண்டுக்கு மக்கள் தரும் மதிப்பும் உயரும் என்று வாதிட்டு, நெதர்லாந்து பல ஆண்டுகள் செலவுக்கு 4, பயனுக்கு 1.5 சதவீதம் என்று தனித்தனியாக வைத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே 3 சதவீதம் என்பதே பரவலான பழக்கம். என் பங்குக்கு, குறைக்காத கணக்கையும் பக்கத்திலேயே அச்சிடச் சொல்வேன். வரிசை புரளுகிறதா என்று படிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உசிலம்பட்டி

விலைவாசியை விட்டுவிடுகிறேன். சொல்லுக்கு வருவோம். பழைய காசை மாற்றும்போது பிடித்துக்கொள்வதை 'வட்டம்' என்பார்கள். 'காலவட்டம்' என்று வைக்கலாமே?

தல்லாகுளம்

இன்றைய பிள்ளைகள் காம்பஸ் எடுத்துவிடுவார்கள், ஐயா. 'காலக்கழிவு' என்று எழுதிப் பார்த்தேன்: '40 ஆண்டுக்குக் காலக்கழிவு செய்தபின் ஓர் ஆயுளாண்டு 0.31 ஆகிறது.' வாக்கியம் இடறாமல் ஓடுகிறது. வீதத்துக்குக் 'காலக்கழிவு வீதம்'.

மேலூர்

கழிவு என்றால் எங்கள் நிலையத்தில் மஞ்சள் வாளி, சிவப்பு வாளி. நாளைக் கூட்டத்தில் இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்க்கிறேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எழுதுகிறேன்.