புதுப்பிப்பு: மாடி அறை வைஃபை, மெஷ் சரியானது, ஆனால் வைத்த இடம்தான் காரணம்

நான் முன்பு இங்கே கேட்டது: "கீழே ரூட்டர், மாடிப் பின்னறையில் 6 எம்பிபிஎஸ்தான். மெஷ்ஷா, எக்ஸ்டெண்டரா, பவர்லைனா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று.

எக்ஸ்டெண்டரைப் பின்னறையிலேயே மாட்டியபோது சிக்னல் கோடுகள் முழுசாக வந்தன, வேகம் மட்டும் 9. கான்கிரீட் தளத்தைத் தாண்டி அதற்கே பலவீனமான சிக்னல்தான் கிடைக்கிறது, அதைத்தான் திருப்பி அனுப்புகிறது.

வீட்டு மின்கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் பவர்லைன், சுவர் பிளக்கில் 38 தந்தது. "எந்த பிளக்கிலும் ஓடும்" என்றவர் சொன்னது பாதி சரி: சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் 4 ஆகிவிடுகிறது. தண்ணீர் மோட்டார் ஓடும்போது இணைப்பு ஏன் அறுகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

பல யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவதுதான் மெஷ். பிரச்சினையைத் தீர்த்தது, "இரண்டாவது மெஷ் யூனிட்டை அறையில் வைக்காதீர்கள், மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள்" என்ற யோசனை. அறைக்குள் 41, படித் திருப்பத்தில் 115. படிக்கட்டு திறப்பு வழியாகச் சிக்னல் தளத்தைத் தொடாமல் ஏறிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: முதல் நாள் போன் பழைய ரூட்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. பழையதின் வைஃபையை அணைத்து, மெஷ்ஷை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றியதும் சரியானது. இதைச் செய்யாமல் வேகம் அளந்தால் மெஷ்மேல் வீண்பழி விழும்.

தோட்டத்து கேமரா பற்றிக் கேட்டவருக்கு: வெளியே சோதிக்கவில்லை. கேபிள் இழுக்க வழியிருந்தால் இரண்டு யூனிட்டையும் கேபிளால் இணைப்பதே மேல்.