ஓய்வு பெற்ற தமிழாசிரியரின் கட்டுரைகளுக்கு வலைப்பூ: வகை பிரித்ததில் கண்டவை

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்

எனக்குப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஐயா ஓய்வு பெற்ற பிறகு எழுதிச் சேர்த்த கட்டுரைகள் ஏறத்தாழ நூற்று நாற்பது இருந்தன. அவற்றை வலைப்பூவில் இட்டுத் தருமாறு கேட்டபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "தம்பி, இலக்கணம் படிக்க வருகிறவரை என் பயணக் கட்டுரைகளுக்குள் அலைய விடக் கூடாது. எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டும்." இதே வேலையை யாரேனும் செய்ய நேர்ந்தால் உதவும் என்பதால், அதை எப்படிச் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் ஏற்கெனவே கூகுள் கணக்கு இருந்தது. பணம் கட்டும் ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனவே பிளாக்கரைத் தேர்ந்தோம். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்பே எல்லாத் தலைப்புகளையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதைப் பற்றியது என்று ஒரே ஒரு சொல்லைக் குறிக்கச் சொன்னேன். பத்தொன்பது சொற்கள் வந்தன. அவற்றுள் பல, ஒன்றிரண்டு கட்டுரைகளுக்கு மட்டுமே உரியவை. ஐந்து கட்டுரைகளுக்குக் குறைவாக உள்ள எதையும் தனி வகையாக வைப்பதில்லை என்று முடிவு செய்தவுடன் இலக்கணம், யாப்பு, வகுப்பறை, ஊர் வரலாறு, பயணம், நூலறிமுகம் என்ற ஆறு வகைகள் தேறின. வாசகர் ஒரு வகையைத் திறந்து அதில் ஒரே கட்டுரையைக் கண்டால் மற்ற வகைகளையும் திறந்து பார்க்க மாட்டார் என்பதால், இந்த வரம்பு தேவை என்றே இப்போதும் கருதுகிறேன்.

கடினமாக இருந்தவை இரண்டு வகைக்கும் உரியவையாகத் தோன்றிய கட்டுரைகள். 'பசு' என்ற சொல் உகரத்தில் முடிந்தும் ஏன் குற்றியலுகரம் ஆகவில்லை என்று ஒரு மாணவன் கேட்டதையும், தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் முற்றியலுகரமாகவே நிற்கும் என்பதை 'பாக்கு', 'பசு' என்ற சொற்களைப் பலகையில் எழுதி விளக்கியதையும் ஐயா அழகாக எழுதியிருந்தார். தம் வகுப்பில் நடந்தது என்பதால் அவர் அதை வகுப்பறையில் வைக்க விரும்பினார். இந்தக் கட்டுரையைத் தேடி வருகிறவர் எந்த ஐயத்தோடு வருவார் என்று கேட்டபோது, இலக்கணம்தான் முதல் வகை என்பதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு, முதல் வகை ஒன்று கட்டாயம், தேவையானால் இரண்டாவதாக ஒன்று, மூன்றாவது இல்லை என்பதை விதியாகவே வைத்துக்கொண்டோம்.

பிளாக்கரில் வகை என்பது லேபிள்தான் என்பதையும், நாம் தட்டச்சு செய்வதை அது எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்கிறது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 'நூலறிமுகம்' என்று ஒரு கட்டுரையிலும் 'நூல் அறிமுகம்' என்று மற்றொன்றிலும் இட்டால் பக்கப்பட்டையில் இரண்டு வகைகள் தோன்றும். சந்தி சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் நம் வழக்கில் சரியாக இருக்கலாம், ஆனால் லேபிளுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். லேபிளுக்குள் காற்புள்ளி இட்டாலும் அது இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே ஆறு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி ஐயாவின் மேசையில் ஒட்டினேன். பதிவு எழுதும்போது வலப்பக்கம் தோன்றும் பட்டியலிலிருந்தே பெயரைத் தேர்ந்தெடுக்குமாறும், புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்

ஒரு கட்டுரைக்கு இரண்டு லேபிள் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. என் சித்தப்பாவும் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய பதிவுகளுக்கு நான் எட்டுப் பத்து லேபிள்கள் இடுகிறேன். லேபிள்கள் கூடினால்தான் கூகுள் தேடலில் கட்டுரை முன்னால் வரும். அத்துடன், இலக்கணத்துக்குள் எழுத்து, சொல், பொருள் என்று உட்பிரிவு வேண்டுமென்றால் பிளாக்கரில் வழியே இல்லை. தொடக்கத்திலேயே வேர்ட்பிரசுக்குப் போயிருக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்

மதுரை நண்பர் உட்பிரிவைப் பற்றிக் கூறியது சரி. வேர்ட்பிரசில் ஒரு வகையின் கீழ் இன்னொரு வகையை அமைக்கலாம், வகையின் பெயரை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாக் கட்டுரைகளிலும் மாறிவிடும். பிளாக்கரில் லேபிளின் பெயரை நேரடியாக மாற்ற இயலாது. பதிவுகளின் பட்டியலில் பழைய லேபிளால் வடிகட்டி, அனைத்தையும் தேர்ந்து, புதிய லேபிளைச் சேர்த்து, பழையதை நீக்க வேண்டும்.

ஆனால் லேபிள்களைப் பெருக்கினால் கூகுளில் முன்னால் வரும் என்பது சரியன்று. பிளாக்கரில் ஒரு லேபிளுக்குரிய பக்கத்தின் முகவரி இப்படி அமைகிறது:

```
/search/label/இலக்கணம்
```

பிளாக்கர் தானாக வைத்திருக்கும் robots.txt கோப்பில் உள்ள வரிகளைப் பாருங்கள்:

```
User-agent: *
Disallow: /search
Allow: /
```

அதாவது /search என்று தொடங்கும் பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்றுதான் தேடுபொறிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. லேபிள் பக்கங்கள் யாவும் அதற்குள் அடங்கும். லேபிள் என்பது உள்ளே வந்துவிட்ட வாசகருக்கு வழிகாட்ட மட்டுமே பயன்படும். வெளியிலிருந்து வருகிறவரைக் கொண்டுவந்து சேர்ப்பவை கட்டுரையின் தலைப்பும் உள்ளடக்கமும்தான். ஆகவே கும்பகோணத்து நண்பரின் இரண்டு லேபிள் விதியை நான் ஆதரிக்கிறேன்.

தமிழ்த் தலைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பிளாக்கர் முகவரியை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் மட்டுமே அமைக்கும். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் எல்லாக் கட்டுரைகளுக்கும் blog-post_17.html என்பது போன்ற முகவரிகளே கிடைக்கும். பதிவை வெளியிடுவதற்கு முன் 'நிரந்தர இணைப்பு' என்ற இடத்தில் kutriyalugaram-pasu என்பது போல நாமே எழுதிவிட வேண்டும். வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே வாட்ஸாப்பில் பகிர்ந்த இணைப்புகள் பயனற்றுப் போகும்.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் %E0%AE%95 என்பது போல ஒன்பது எழுத்துகளாக விரிகிறது, முகவரியின் அந்தப் பகுதிக்கு உள்ள வரம்போ 200 எழுத்துகள். 'வகுப்பறையில் குற்றியலுகரம்' என்ற இரண்டு சொல் தலைப்பில் இருபத்தைந்து குறியீடுகள் இருப்பதால் அதுவே முழுமையாக அடங்காமல் இடையில் வெட்டுப்படும். அங்கும் சிறிய ஆங்கில எழுத்து முகவரியை நாமே கொடுப்பதுதான் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்

எங்கள் வீட்டில் வகை பிரிப்பதற்கு முன்னர் வேறொரு தடை இருந்தது. அப்பா பாடசாலையில் வரலாறு கற்பித்தவர். அவருடைய கட்டுரைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றைப் படியெடுத்து வலைப்பூவில் ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் jkpo; என்று தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் கிடைக்கின்றன, வேலையும் விரைவாக முடிந்துவிடுகிறது. ஆனால் கட்டுரையின் நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று கருதி மாற்றிவிடுவதால், ஒவ்வொரு கட்டுரையையும் ஒருமுறை வாசித்துத் திருத்த வேண்டியிருந்தது.

எனக்கு நீண்ட நாள் புரியாதிருந்த ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 'பௌத்தம்' என்ற லேபிள் இரண்டு தடவை தோன்றியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் 'ௌ' என்ற ஒற்றைக் குறியும், மற்றதில் 'ெ' என்ற கொம்புக்குப் பிறகு 'ள' என்ற எழுத்தும் இருந்தன. இரண்டாவதை 'பெளத்தம்' என்றுதான் கணினி புரிந்துகொள்கிறது. பின்னிடு விசையால் ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தபோது, ஒன்றில் 'ள' தனி எழுத்தாக அழிந்ததால் வேறுபாடு தெரிந்தது.

திருநெல்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்

வணக்கம். நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்கள் பிடிஎஃப் கோப்புகளாக என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை இந்த ஆறு வகைகளில் எதில் ஏற்றுவது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்

ஐயா, நான் கூறிய ஆறு வகைகள் எங்கள் ஆசிரியரின் கட்டுரைகளுக்கு மட்டும் உரியவை. உங்கள் வினாத்தாள்களுக்கு இயற்கணிதம், வடிவியல் என்று பாடப்பகுதிகளே வகைகளாக அமையும். பிளாக்கரில் பிடிஎஃப் கோப்பை நேரடியாக ஏற்ற இயலாது. கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்து, அந்த இணைப்பைப் பதிவில் இட வேண்டும். அனுமதியை மறந்தால் ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் உங்களுக்கு அனுமதிக் கோரிக்கை வந்துகொண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர் கூறிய 'ௌ' எங்கள் லேபிள்களில் இல்லை. ஆனால் கட்டுரைகளுக்குள் 'மௌனம்', 'கௌரவம்' போன்ற சொற்கள் உள்ளன. அவற்றையும் சரிபார்க்கப் போகிறேன், ஏனெனில் வலைப்பூவின் தேடுபெட்டியில் சரியாகத் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு அந்தக் கட்டுரைகள் கிடைக்காமல் போகக்கூடும்.

எனக்கு இன்னும் தீராத சிக்கல் வரிசைதான். யாப்பு வகையில் ஐயா எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று படிப்படியாக எழுதியிருக்கிறார். லேபிளைத் திறந்தால் கடைசியாக வெளியிட்ட தொடை மேலேயும் முதலில் படிக்க வேண்டிய எழுத்து அடியிலும் நிற்கின்றன.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்

லேபிள்கள் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, இனிக் குறைத்துக்கொள்கிறேன். வரிசைக்கு எளிய வழி ஒன்று உண்டு. பதிவின் வெளியீட்டுத் தேதியை நாமே அமைக்கலாம். எழுத்துக்குப் பிந்தைய தேதியும் தொடைக்கு முந்தைய தேதியும் கொடுத்தால் வரிசை நேராகிவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்

வரிசை நேராகும் என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் ஒரு கட்டுரையை எந்த ஆண்டில் எழுதினார் என்ற செய்தி அழிந்துவிடும். இதழ்களில் முன்பே வந்த கட்டுரைகளாக இருந்தால் உண்மையான தேதியைத்தான் இட வேண்டும் என்பது என் எண்ணம். நான் அமைத்துத் தரும் வலைப்பூக்களில் 'பக்கங்கள்' பகுதியில் 'யாப்பு: பொருளடக்கம்' என்று தனிப் பக்கம் உருவாக்கி, கட்டுரைகளின் இணைப்புகளைப் படிக்க வேண்டிய வரிசையில் கையால் இடுகிறேன். மேலே உள்ள பட்டியில் லேபிளுக்குப் பதிலாக அந்தப் பக்கத்தை இணைக்கிறேன். அப்பக்கத்தின் முகவரி /p/ என்று தொடங்குவதால் தேடுபொறிகளும் அதைப் படிக்கும். மதுரை நண்பர் கேட்ட உட்பிரிவுகளையும் அதற்குள்ளேயே துணைத் தலைப்புகளாக அமைத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்

யாப்புக்கும் இலக்கணத்துக்கும் பொருளடக்கப் பக்கம் அமைக்கிறேன். புதிய கட்டுரை வரும்போதெல்லாம் அதைக் கையால் சேர்க்க வேண்டும் என்பதுதான் தயக்கம். ஐயா கைப்பேசியிலிருந்தே எழுதுகிறார், அதில் இணைப்பு இடுவது அவருக்குச் சிரமம். அவர் பதிவிடுவார், பொருளடக்கத்தை நான் திருத்துவேன் என்று பிரித்துக்கொள்வதற்காக, அவருடைய கணக்கிலேயே வலைப்பூவை வைத்து என்னை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்திருக்கிறோம். தேதியைப் பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பல கட்டுரைகளை எந்த ஆண்டில் எழுதினார் என்பது அவருக்கே நினைவில் இல்லை.